ஃபைனல் செட்டில்மெண்ட் தாளில் ஒரு நாளின் விலை எவ்வளவு?

வேலையை விட்டு வந்த பிறகு ஒரு பி.டி.எஃப் வரும். மேலே நிறுவனத்தின் பெயர், நடுவில் ஏழெட்டு வரிகள், கீழே ஒரு தொகை. பெரும்பாலானோர் அந்தக் கடைசித் தொகையை மட்டும் பார்ப்பார்கள். அது நினைத்ததைவிடக் குறைவாக இருந்தால் கோபம் வரும், ஆனால் எந்த வரியில் குறைந்தது என்று சொல்லத் தெரியாது. "நான் நினைச்சதவிடக் கம்மியா இருக்கு" என்று எச்.ஆருக்கு மெயில் போட்டால், "பாலிசிப்படி கணக்கிட்டிருக்கிறோம்" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும்.

பல வருடங்கள் சம்பளக் கணக்குப் பிரிவில் இருந்தவன் என்பதால் தெரிந்தவர்கள் இந்தத் தாளை என்னிடம் அனுப்புவதுண்டு. சமீபத்தில் வந்த ஒன்றை இங்கே பிரித்துப் பார்க்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்க எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், தவறுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

அந்தப் பெண்ணின் மாதச் சம்பளம் மொத்தம் 48,000 ரூபாய். அதில் பேசிக் 24,000. மீதி வீட்டு வாடகைப் படியும் சிறப்புப் படியும். வாரம் ஆறு நாள் வேலை. ஜூலை 4 அன்று ராஜினாமா கொடுத்து, தர வேண்டிய 60 நாள் நோட்டீஸ் முடியும் முன்பே ஆகஸ்ட் 17 அன்று கடைசி நாள். வேலையில் சேர்ந்து மூன்று வருடம் முடிந்திருந்தது. அவருக்கு வந்த தாள் இதுதான்:

ஆகஸ்ட் சம்பளம், 17 நாள்: 26,323
லீவ் என்காஷ்மெண்ட், 13.5 நாள்: 10,452
நோட்டீஸ் குறைவுக்குப் பிடித்தம், 16 நாள்: 25,600
பி.எஃப். பிடித்தம்: 1,579
கைக்கு வருவது: 9,596

கூட்டல் கழித்தல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தொகைக்குள்ளும் ஒரு ப்ரோரேட்டா கணக்கு ஒளிந்திருக்கிறது. ப்ரோரேட்டா என்றால் பெரிய விஷயமில்லை. முழு மாதத்துக்கோ முழு வருடத்துக்கோ உரிய தொகையை, நமக்குச் சேர வேண்டிய நாட்களின் அளவுக்குப் பங்கு போடுவது. பங்கு போட மூன்று எண்கள் வேண்டும்: எந்தத் தொகையை வகுக்கிறோம், எத்தனையால் வகுக்கிறோம், எத்தனை நாளால் பெருக்குகிறோம். தாளில் மூன்றாவது எண் மட்டும் இருக்கும். முதல் இரண்டையும் நாமே தோண்டி எடுக்க வேண்டும்.

தோண்டுவது எளிது. தொகையை நாட்களால் வகுத்தால் ஒரு நாளின் விலை வந்துவிடும். மாதத் தொகையை அந்த விலையால் வகுத்தால், எதைக் கொண்டு வகுத்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். எடுக்காத லீவைக் காசாக்கும் லீவ் என்காஷ்மெண்ட் வரியில் செய்து பார்ப்போம்.

```
10452 / 13.5 = 774.2
24000 / 774.2 = 31
48000 / 774.2 = 62
```

கடைசி வரியில் வந்த 62-க்கு அர்த்தமே இல்லை, ஆகவே அடிப்படை 48,000 அல்ல, பேசிக் 24,000. வகுத்தது 31-ஆல். விடை 26, 30, 31 போல ஒரு தெரிந்த எண்ணில் வந்து நின்றால் கணக்கைப் பிடித்துவிட்டோம் என்று பொருள். எதிலும் நிற்காமல் 27.4 என்பதுபோல வந்தால் நாட்களின் எண்ணிக்கையிலோ அடிப்படைத் தொகையிலோ வேறு ஏதோ கலந்திருக்கிறது.

இதே சோதனையைச் சம்பள வரியில் போட்டால் 26,323-ஐ 17-ஆல் வகுக்க 1,548.4 வரும். 48,000-ஐ அதனால் வகுத்தால் 31. ஆகஸ்டில் 31 நாள், ஞாயிறும் விடுமுறையும் சேர்த்தே 17 நாள் எண்ணியிருக்கிறார்கள். இது சரிதான். நாட்காட்டி நாளால் வகுக்கும்போது நாட்காட்டி நாளால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி.

சில நிறுவனங்கள் எந்த மாதமானாலும் 30-ஆல் வகுப்பார்கள். அப்போது 31 நாள் மாதத்தில் ஒரு சிக்கல் உண்டு. 17 நாள் இருந்தார் என்று 17/30 கொடுக்கலாம். அல்லது 14 நாள் இல்லை என்று முழுச் சம்பளத்திலிருந்து 14/30 கழித்து 16/30 கொடுக்கலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு நாள் காணாமல் போகிறது. இதில் எது சரி என்று வாதம் செய்வதைவிட, நீங்கள் சேர்ந்த மாதத்தின் சம்பள ரசீதை எடுத்துப் பாருங்கள். சேர்ந்த மாதத்தில் இருந்த நாளை எண்ணிக் கொடுத்தவர்கள் போகும் மாதத்தில் இல்லாத நாளைக் கழித்தால் கேட்கலாம்.

சரி, லீவ் வரிக்கு வருவோம். 31-ஆல் வகுத்ததில் என்ன தவறு? சம்பளத்துக்கும் அதே 31 தானே?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், கணக்கு போடுகிறவர்களும் சேர்த்து. லீவ் கணக்கில் ஒரு நாள் என்பது நாட்காட்டி நாள் அல்ல, வேலை நாள். திங்கள் முதல் சனி வரை லீவ் எடுத்தால் உங்கள் கணக்கிலிருந்து ஆறு நாள் குறையும், ஞாயிறு குறையாது. ஒரு மாதம் முழுக்க லீவ் எடுத்தால் சுமார் 26 நாள் குறையும், அந்த மாதச் சம்பளம் முழுதாக வரும். அப்படியானால் 26 நாள் லீவின் மதிப்பு ஒரு மாதச் சம்பளம். அந்த 26 நாளை எடுக்காமல் காசாக்கினாலும் ஒரு மாதத் தொகை வர வேண்டும் அல்லவா? 26-ஆல் வகுத்தால் வரும். 31-ஆல் வகுத்தால் 26/31 மட்டுமே வரும், அதாவது நூற்றுக்குப் பதினாறு ரூபாய் குறையும். பணிக்கொடைக் கணக்கில் 15/26 என்று வருவதும் இதே 26 தான், மாதத்தின் வேலை நாட்கள்.

அதற்காக எல்லா நிறுவனமும் 26 தான் போட வேண்டும் என்று சொல்லிவிட முடியாது. அலுவலக வேலையில் இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் நிறுவனத்தின் விடுப்புக் கொள்கையில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. 30 என்று எழுதியிருந்தால் 30 தான். அடிப்படை பேசிக் மட்டுமா, மொத்தச் சம்பளமா என்பதும் அங்கேதான் இருக்கும். ஆலைத் தொழிலாளர்களுக்கு நிலை வேறு. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விடுப்புச் சம்பளத்தை வெறும் பேசிக்கைக் கொண்டு கணக்கிடச் சொல்லவில்லை. ஓவர்டைமும் போனஸும் நீங்கலாக, பஞ்சப்படி உட்பட முந்தைய மாதம் ஈட்டிய முழுச் சம்பளத்தின் சராசரியைத்தான் அது எடுத்துக்கொண்டது.

இந்தப் பெண்ணின் நிறுவனக் கையேட்டில் தெளிவாகவே இருந்தது: பேசிக்கை 26-ஆல் வகுக்க வேண்டும். மென்பொருளில் சம்பளத்துக்கு வைத்த 31 லீவுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. லீவுக்கு 30-ஆல் வகுக்க வேண்டிய இடத்தில், என் மேசையிலேயே இது நடந்திருக்கிறது. 30 நாள் மாதத்தில் யார் கண்ணிலும் படாது, பிப்ரவரியில் 28-ஆல் வகுத்து ஒருவருக்குக் கூடுதலாகப் போன பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

அடுத்தது 13.5 நாள். இதுவும் ஒரு ப்ரோரேட்டாதான், ஆனால் ரூபாயில் இல்லை, நாளில். அவருக்கு வருடத்துக்கு 18 நாள் ஈட்டிய விடுப்பு. ஜனவரி முதல் தேதி கணக்கில் 11 நாள் பாக்கி இருந்தது. இந்த வருடம் 8 நாள் எடுத்திருக்கிறார். நிறுவனம் மாதத்துக்கு 1.5 என்று ஏழு மாதத்துக்கு 10.5 சேர்த்திருக்கிறது. 11-ஐயும் 10.5-ஐயும் கூட்டி 8-ஐக் கழித்தால் 13.5. ஆகஸ்ட் முடியவில்லை என்பதால் அந்த 17 நாளுக்கு ஒன்றும் சேர்க்கவில்லை.

லீவ் கணக்கில் மாதக் கடைசியில்தான் 1.5 ஏறும் என்பது நடைமுறை வசதி. வேலையில் தொடர்கிறவருக்கு அதனால் நஷ்டமில்லை, இன்று ஏறாதது மாதக் கடைசியில் ஏறிவிடும். போகிறவருக்கு அந்த மாதக் கடைசி வராது. அதனால் பல கொள்கைகளில் வெளியேறும் மாதத்துக்கு நாள் கணக்கு என்று தனியாக ஒரு வரி இருக்கும். அவர் கையேட்டிலும் இருந்தது. ஜனவரி 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 229 நாள். லீப் வருடம் இல்லை, ஆகவே 18-ஐ 229-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால் 11.29. அப்படியானால் பாக்கி 11 + 11.29 − 8 = 14.29 நாள்.

தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருகிறவர்களுக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு என்பது தொழிற்சாலைச் சட்டத்தின் அளவாக இருந்தது. அந்த விடுப்பைப் பெற வருடத்தில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்றிருந்தது. ஆனால் வேலையை விட்டுப் போகிறவருக்கு அந்த நிபந்தனை இல்லை, செய்த நாட்களுக்கு அதே விகிதத்தில் தர வேண்டும். அரை நாளும் அதற்கு மேலும் வந்தால் ஒரு நாள், அரைக்குக் கீழே வந்தால் விட்டுவிடலாம். உங்கள் தாளில் பின்னத்தை வெட்டியிருந்தால், வெட்டச் சொன்ன விதி எது என்று கேட்பதில் தப்பில்லை.

சரியான லீவ் தொகை இப்போது இப்படி வரும்:

```
14.29 x 24000 / 26 = 13191
```

தாளில் இருந்தது 10,452. வித்தியாசம் 2,739 ரூபாய். இதில் வகுத்த எண்ணால் போனதுதான் பெரும்பங்கு, சுமார் 2,000. நாட்களால் போனது மீதி.

அப்புறம் நோட்டீஸ். இந்த வரியைத்தான் யாரும் சோதிப்பதில்லை, பிடித்தம் என்றாலே தலைவிதி என்று விட்டுவிடுகிறார்கள். 25,600-ஐ 16-ஆல் வகுத்தால் ஒரு நாள் 1,600. 48,000-ஐ 1,600-ஆல் வகுத்தால் 30. ஆகவே இங்கே அடிப்படை மொத்தச் சம்பளம், வகுத்தது 30-ஆல். இப்போது மூன்று வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதே ஆளின் ஒரு நாள், சம்பளமாகக் கொடுக்கும்போது 1,548. லீவுக்காகக் கொடுக்கும்போது 774. நோட்டீஸுக்காகப் பிடிக்கும்போது 1,600. கொடுக்கும் கை பேசிக்கைப் பார்க்கிறது, வாங்கும் கை மொத்தத்தைப் பார்க்கிறது.

கேட்க அநியாயமாக இருந்தாலும் இது தானாகவே தவறு ஆகிவிடாது. நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் குறைவுக்கு மொத்தச் சம்பளம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுதான் ஒப்பந்தம். பேசிக் என்று எழுதியிருந்தும் மொத்தத்தில் பிடித்தால் அப்போது சண்டை போடலாம். வெறுமனே 'சம்பளம்' என்று மட்டும் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம், பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இவருடைய கடிதத்தில் மொத்தம் என்றே இருந்தது. அடிப்படையிலும் வகுத்த எண்ணிலும் பிழை இல்லை.

பிழை நாளில் இருந்தது. 60 நாள் நோட்டீஸ். ஜூலை 4 முதல் 31 வரை 28 நாள், ஆகஸ்டில் 17 நாள், ஆக 45. குறைவு 15. நிறுவனம் ராஜினாமா கொடுத்த நாளை விட்டுவிட்டு ஜூலை 5-லிருந்து எண்ணியிருக்கிறது, அதனால் 44 என்றும் குறைவு 16 என்றும் வந்தது. முதல் நாளைச் சேர்ப்பதா விடுவதா என்பது பழைய வழக்கு. இதற்குக் கையேட்டைவிட நல்ல சாட்சி ராஜினாமாவை ஏற்றுக்கொண்டு வந்த மெயில். அதில் "60 நாள் நோட்டீஸ்படி உங்கள் கடைசி நாள் செப்டம்பர் 1" என்று எச்.ஆரே எழுதியிருந்தார்கள். ஜூலை 4-ஐச் சேர்த்து எண்ணினால்தான் செப்டம்பர் 1-ல் 60 முடியும். எண்ணிப் பாருங்கள்: ஜூலையில் 28, ஆகஸ்டில் 31, செப்டம்பரில் 1. அவர்கள் எண்ணிய முறையே அவர்களுக்கு எதிராக நின்றது. ஒரு நாள், 1,600 ரூபாய்.

பி.எஃப். வரி சரியாக இருந்தது. 17 நாளுக்கான பேசிக் 13,161, அதில் 12 சதவீதம் 1,579. இங்கே ஒன்றை மட்டும் கவனித்தால் போதும்: லீவ் என்காஷ்மெண்ட் தொகையிலும் பி.எஃப். பிடித்திருக்கிறார்களா? அது பி.எஃபுக்கான அடிப்படைச் சம்பளத்தில் சேராது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பி.எஃப். தொகையை 12 சதவீதத்தால் திருப்பி வகுத்துப் பார்த்தால் எந்தத் தொகையின்மேல் பிடித்தார்கள் என்பது வெளியே வந்துவிடும்.

வருமான வரியும் அப்படித்தான். வேலையில் இருக்கும்போதே லீவைக் காசாக்கினால் முழுத் தொகைக்கும் வரி உண்டு. வேலையை விட்டுப் போகும்போது வாங்கினால், தனியார் ஊழியருக்கு ஒரு வரம்பு வரை விலக்கு உண்டு. ராஜினாமா செய்தவருக்கும் இது பொருந்தும். அந்த வரம்பு நெடுங்காலம் 3 லட்சமாக இருந்தது, 2023 ஏப்ரல் 1 முதல் 25 லட்சம். இது ஒரு நிறுவனத்துக்கு அல்ல, வாழ்நாள் முழுதுக்கும் சேர்த்து. வேறு உச்சவரம்புகளும் உண்டு. பத்து மாதச் சராசரிச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. முடிந்த ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 30 நாளுக்கு மேல் லீவ் கணக்கில் எடுக்கக்கூடாது. 14 நாளும் 13,000 ரூபாயும் இதில் எதையும் தொடாது. இந்தத் தொகைக்கு வரி பிடித்திருந்தால் நிறுவனம் தரும் வரிப் பிடித்தச் சான்றிதழில் விலக்கு காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் ரிட்டர்ன் போடும்போது நாமே கோரலாம்.

இரண்டு திருத்தங்களையும் சேர்த்தால் கைக்கு வர வேண்டியது 26,323 + 13,191 − 24,000 − 1,579, அதாவது 13,935. தாளில் இருந்த 9,596-ஐவிட 4,339 அதிகம்.

அவர் மெயிலை நான் எழுதிக் கொடுக்கவில்லை, எப்படி எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னேன். குறைவாக இருக்கிறது என்று எழுதக்கூடாது. "லீவ் வரியில் 24,000-ஐ 31-ஆல் வகுத்திருக்கிறீர்கள், கையேட்டின் இந்தப் பத்தியில் 26 என்று உள்ளது. வெளியேறும் மாதத்துக்கு நாள் கணக்கு சேர்க்கப்படவில்லை. நோட்டீஸ் நாள் உங்கள் ஜூலை மாத மெயிலின்படி 15" என்று மூன்று வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ரூபாய். இப்படி வருகிற மெயிலைச் சம்பளப் பிரிவில் யாரும் தள்ளிவைக்க மாட்டார்கள், ஏனென்றால் சரிபார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும். திருத்திய தாள் வரும் வரை "முழு நிலுவையும் பெற்றுக்கொண்டேன்" என்கிற கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்றும் சொன்னேன். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி ராஜினாமா செய்தவருக்கும் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆகவே திருத்தம் ஆகும்வரை மறுப்பில்லாத சம்பளத் தொகையையாவது போடுங்கள் என்று கேட்க இடமுண்டு.

நான்கு நாளில் திருத்திய தாள் வந்தது, 13,935 என்று.

ஆனால் அவர் இழந்த பெரிய தொகை அந்தத் தாளிலேயே இல்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில், மேலாளர் ஒப்புதலுடன் மீதமுள்ள விடுப்பை நோட்டீஸ் குறைவுக்கு ஈடுகட்டலாம், ஒரு நாளுக்கு ஒரு நாள் என்று இருந்தது. ஒரு நாள் லீவைக் காசாக்கினால் 923 ரூபாய். அதே நாளை நோட்டீஸில் கழித்தால் 1,600 மிச்சம். அவரிடம் இருந்த 14 முழு நாளையும் அப்படிக் கழித்திருந்தால் 15 நாள் குறைவில் ஒரு நாள்தான் நின்றிருக்கும். 12,923 ரூபாய் லீவ் காசு போயிருக்கும், 22,400 ரூபாய் பிடித்தம் போயிருக்கும். நிகரமாக 9,477 ரூபாய் கூடுதல், கைக்கு 23,412. எல்லா நிறுவனமும் இதை அனுமதிப்பதில்லை. அனுமதிக்கும் இடத்திலும் கடைசி நாளுக்கு முன்பே எழுதிக் கேட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். இவர் கையேட்டை முதல்முறையாகத் திறந்ததே செட்டில்மெண்ட் தாள் வந்த பிறகுதான். கேட்டுப் பார்த்தார், ஒப்புதல் தேதி கடந்துவிட்டது என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் மட்டும் தவறு எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.